21 மாத டெலிவரி, ஒரு ரிவர்ஸ் உரசல், பழைய நைட் ஷிப்ட்: தம்பியின் பதிவுகள் இந்த வேலை அறிவிப்புக்குப் பொருந்துமா?

காலைப்பனி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தம்பி ஒரு டெலிவரி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறான். படிவத்தை நான்தான் உட்கார்ந்து நிரப்புகிறேன். அறிவிப்பில் கேட்டிருப்பதையும் அவனிடம் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி பொருந்துகிறது, பாதி பொருந்துமா என்றே தெரியவில்லை.

அவர்கள் கேட்பது இது: 3.5 டன் வண்டி ஓட்டச் செல்லுபடியாகும் உரிமம். ஒரே நாளில் பல இடங்களுக்கு டெலிவரி கொடுத்த அனுபவம் குறைந்தது 2 ஆண்டு. அதிகாலை 4 மணி ஷிப்ட், வார இறுதியும் சுழற்சியில் வரும். கடந்த 3 ஆண்டுகளில் தன் தவறால் நேர்ந்த விபத்து இருக்கக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் தெரிந்தால் முன்னுரிமை. கடைசி நாள் செப்டம்பர் 20.

தம்பியிடம் இருப்பது: இலகுரக வாகன உரிமம், செல்லுபடியில் இருக்கிறது. 2020 மார்ச் முதல் 2021 ஆகஸ்ட் வரை கிடங்கில் நைட் ஷிப்ட், ஃபோர்க்லிஃப்டும் ஓட்டினான். அப்புறம் ஐந்து மாதம் வேலை இல்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம். 2022 பிப்ரவரி முதல் 2023 அக்டோபர் வரை முழுநேர டெலிவரி ஓட்டுநர். 2023 நவம்பரிலிருந்து இன்று வரை வேறொரு கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவு. அங்கே 2024 மார்ச்சிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், லீவு போட்ட ஓட்டுநருக்குப் பதிலாக வண்டி எடுக்கிறான்.

2022 செப்டம்பர் 12 அன்று ஒரு வாடிக்கையாளரின் சரக்கு மேடையில் ரிவர்ஸ் எடுக்கும்போது மேடையின் பின்கதவை உரசிவிட்டான். போலீஸ், அபராதம் எதுவும் இல்லை. உரிமப் பதிவு சுத்தம். இதை எழுத வேண்டுமா? அனுபவம் 2 ஆண்டு என்று போடலாமா? இன்று 2025 ஆகஸ்ட் 28.

ஒன்பதாம்கியர்

அக்கா, இதில் குழம்ப ஒன்றுமே இல்லை. உரிமப் பதிவில் இல்லாதது விபத்தே இல்லை. அரசாங்கமே எழுதாததை நாம் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? அனுபவத்துக்கு முதல் வேலை 21 மாதம், இரண்டாவது 18 மாதம், ஆக 39 மாதம். மூன்று ஆண்டுக்கு மேல் என்று தைரியமாகப் போடுங்கள்.

டிப்போமேசை

நான் பல வருடமாக ஒரு டிப்போவில் ஓட்டுநர்களை எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒன்பதாம்கியர் சொன்ன இரண்டுமே சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உரிமம். எல்லோரும் இதைத்தான் சுலபம் என்று தாண்டிவிடுகிறார்கள். "3.5 டன் வண்டி" என்று அறிவிப்பில் போட்டால் அது வண்டியின் மொத்த எடையா, ஏற்றக்கூடிய சரக்கின் எடையா? உரிம வகையைத் தீர்மானிப்பது மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் ஆளும் சேர்ந்து பதிவுச் சான்றில் அனுமதித்திருக்கும் அதிகபட்சம். அன்றைக்கு வண்டி காலியாக ஓடினாலும் கணக்கு அதுதான். மூன்றரை டன் சரக்கை ஏற்றும் வண்டி என்றால் மொத்த எடை ஆறு, ஏழு டன்னை எட்டிவிடும்.

இது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகளில் சாதாரண பி வகை உரிமம் பொதுவாக 3,500 கிலோ மொத்த எடை வரைதான். அதற்கு மேல் 7,500 வரை சி1 வேண்டும். இந்தியாவில் இலகுரக வாகனம் என்பதே 7,500 கிலோ வரை. அதனால் அதே "3.5 டன்" ஓரிடத்தில் சரியாகப் பொருந்தும், இன்னோரிடத்தில் விண்ணப்பத்தை முதல் நிமிடத்திலேயே தள்ளிவிடும். நிறுவனத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டு மொத்த எடை எவ்வளவு என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவரை நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, வண்டியைப் பற்றித் தெரிந்தவர் என்றுதான் நினைப்போம்.

உரிம அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஐரோப்பிய அட்டைகளில் வகைக்கு எதிரே சின்னதாக எண்கள் இருக்கும். 01 என்றால் கண்ணாடியோ லென்ஸோ போட்டு ஓட்ட வேண்டும். 78 என்றால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி மட்டும். மேனுவல் கியர் வண்டிகள் ஓடும் டிப்போவில், 78 உள்ளவரை நேர்காணல் எல்லாம் முடிந்த பிறகு திருப்பி அனுப்ப நேர்ந்திருக்கிறது. அட்டையின் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன், வண்டிகள் உள்ளே வரும் நேரம்.

நெடுஞ்சாலை72

இந்தியாவைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகுரக உரிமம் உள்ளவர் ஓட்டலாம், போக்குவரத்து வாகனத்துக்கென்று உரிமத்தில் தனி மேற்குறிப்பு தேவையில்லை. அதனால் எந்த நிறுவனமும் இனி அதைக் கேட்க முடியாது.

டிப்போமேசை

நெடுஞ்சாலை, தீர்ப்பு நீங்கள் சொன்னதுதான். கடைசி வாக்கியம்தான் அதில் இல்லை. ஓட்டுவதற்குச் சட்டப்படி எது போதும் என்பதைத் தீர்ப்பு சொல்கிறது. அதற்கு மேல் ஒரு தகுதியை நிறுவனம் தன் விருப்பத்தில் கேட்டால் அது வேறு சங்கதி, கேட்பவர்கள் இருக்கிறார்கள். அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிக்கு விதியும் தனி. அறிவிப்பில் அந்த மேற்குறிப்பைக் கேட்டிருந்தால், தீர்ப்பைக் காட்டி வாதம் செய்வதை விட முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

சரக்குச்சீட்டு

நான் நிறுவனத்தின் பக்கம் இருப்பவன். எங்களிடம் விண்ணப்பங்கள் குவிகின்றன. எக்செல்லில் உரிமத்துக்கு 30, அனுபவத்துக்கு 30, பாதுகாப்புக்கு 40 என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தலாம் என்று யோசிக்கிறோம். நீங்கள் எல்லோரும் எப்படி மதிப்பெண் பிரிக்கிறீர்கள்? இந்த இழை அதைப் பற்றித்தானே?

காலைப்பனி

இல்லை சார், நான் தம்பியின் விண்ணப்பத்துக்காகக் கேட்கிறேன். ஆனால் உள்ளே எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கும் உதவும், சொல்லுங்கள்.

டிப்போமேசை

சரக்குச்சீட்டு, கேட்டதால் சொல்கிறேன். உரிமத்துக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள். அந்த வண்டியை ஓட்ட அனுமதி இருக்கிறது அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. மதிப்பெண் போட்டால் உரிமம் பொருந்தாத ஒருவர் மற்ற இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கிப் பட்டியலில் மேலே ஏறி நிற்பார். முதலில் வாசலில் நிறுத்த வேண்டியவற்றை ஆம், இல்லை என்று பிரித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

காலைப்பனி, உங்களுக்கும் இதுதான் தேவை. அறிவிப்பில் உள்ள ஐந்தில் உரிமம் வாசல். "தன் தவறால் விபத்து இல்லை" என்பதும் பெரும்பாலும் வாசல்தான், ஏனென்றால் அதன் பின்னால் காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனை இருக்கும். டிப்போ மேலாளர் மனம் இரங்கினாலும் தளர்த்த முடியாது. இரண்டு ஆண்டு அனுபவம் சில இடங்களில் வாசல், சில இடங்களில் பேசித் தீர்க்கக்கூடியது. ஷிப்டும் ஃபோர்க்லிஃப்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவை.

இப்போது அனுபவம். 39 மாதம் என்று போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். எங்கள் மேசைக்கு வரும்போது நான் செய்யும் முதல் காரியம், தேதிகளை மாதவாரியாக ஒரு தாளில் எழுதுவது. 2022 பிப்ரவரி முதல் 2023 அக்டோபர் வரை எண்ணினால் 21. அடுத்த வேலையின் பதவிப் பெயர் "சரக்கு அனுப்பும் பிரிவு". அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டால் "அவர் கிடங்கு ஊழியர்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு பதிலில் 39 பொய்யாகிவிடும். உண்மையான 21-ஐயும் அதற்கப்புறம் நம்ப மாட்டேன்.

ஆனால் அந்த 18 மாதத்தை விட்டுவிடவும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் என்றால் ஏறக்குறைய 78 வாரத்துக்கு 156 நாள். லீவு, விடுமுறை எல்லாம் போனால் 140 என்று வையுங்கள். முழுநேர ஓட்டுநர் மாதத்துக்கு 22 நாள் ஓடுவார். அப்படிப் பார்த்தால் ஆறு மாதத்துக்குச் சமம். 21-உடன் 6 சேர்ந்தால் 27, இரண்டு ஆண்டைத் தாண்டுகிறது. இருந்தாலும் 27 மாதம் என்று எழுதாதீர்கள், அது நாம் போட்ட கணக்கு. "முழுநேர டெலிவரி 21 மாதம். அதன்பின் மாற்று ஓட்டுநராக 2024 மார்ச் முதல், வாரம் சுமார் 2 நாள், இதுவரை இத்தனை நாள்" என்று எழுதி, நாள் எண்ணிக்கையைத் தம்பியின் டிரிப் ஷீட்டிலிருந்து எடுங்கள். கணக்கை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2023 அக்டோபரில் ஓட்டுவதை நிறுத்தியவர் என்று தோன்றினால், இரண்டு வருடமாக வண்டியைத் தொடவில்லையே என்ற கேள்வி வரும். மாற்று ஓட்டுநர் நாட்கள் அந்தக் கேள்வியை எழவிடாமலே செய்துவிடும்.

ஒன்பதாம்கியர்

அதெல்லாம் சரி அண்ணே, ஆனால் இணையப் படிவத்தில் "2 ஆண்டு அனுபவம் உள்ளதா? ஆம் / இல்லை" என்று மட்டும்தானே இருக்கும். விளக்கம் எழுத இடமே கிடையாது. "இல்லை" போட்டால் அங்கேயே கதை முடிந்தது.

டிப்போமேசை

இது நியாயமான கேள்வி. ஓட்டிய நாட்களைக் காட்டத் தாள் கையில் இருந்தால் நான் "ஆம்" போடுவேன், இணைப்பிலும் முகப்புக் கடிதத்திலும் மேலே சொன்ன பிரிவை அப்படியே எழுதுவேன். ஆனால் சில நிறுவனங்கள் "முழுநேர அனுபவம்" என்று கேட்கும். அந்தச் சொல் இருந்தால் பதில் "இல்லை"தான்.

சரக்குச்சீட்டு

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் இடத்தில் பகுதிநேர ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஒருவர் "ஆம்" போட்டிருந்தால், விளக்கம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் மேலே இருப்பவர்கள் ஏற்க மாட்டார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, யார் என்ன சொன்னார் என்று குறித்து வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு.

பேலட்ராஜா

ஃபோர்க்லிஃப்ட் பற்றி யாரும் பேசவில்லையே. என் கதையைச் சொல்கிறேன். என்னிடம் ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் இருந்தது. புது வேலையில் சேர்ந்த அன்று ரீச் டிரக்கைக் காட்டி ஓட்டச் சொன்னார்கள். நான் பயிற்சி எடுத்தது கவுன்டர்பேலன்ஸில். உட்காரும் திசையே வேறு, பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் திருப்பினால் பின்பக்கம் வேறு மாதிரி சுழலும். இரண்டாவது அடுக்கில் பேலட்டை வைக்கவே முடியவில்லை. மேற்பார்வையாளர் பொய்ச் சான்றிதழா என்று கேட்டார். அவமானமாக இருந்தது. சான்றிதழில் "ஃபோர்க்லிஃப்ட்" என்றுதான் போட்டிருந்தது, எந்த வகை என்று இல்லை.

டிப்போமேசை

பேலட்ராஜா சொன்னது முக்கியம். கார் உரிமம் மாதிரி அரசு தந்து எங்கேயும் செல்லுபடியாகும் அட்டை என்று ஃபோர்க்லிஃப்டை நினைத்துக்கொள்கிறோம். பல நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவில், இந்த ஓட்டுநருக்குப் பயிற்சி கொடுத்துச் சோதித்துவிட்டேன் என்று சான்று தர வேண்டியவர் முதலாளிதான், மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடியும் மதிப்பிட வேண்டும். பழைய இடத்தின் சான்று புதிய இடத்தில் தானாகச் செல்லாது, பயிற்சி எடுத்தவர் என்பதற்கு ஆதாரமாக மட்டும் உதவும்.

காலைப்பனி, தம்பி ஓட்டியது எந்த வகை, எத்தனை மீட்டர் உயரம் வரை அடுக்கினான், கடைசியாக எப்போது ஓட்டினான் என்று எழுதுங்கள். 2021-க்குப் பிறகு தொடவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். "முன்னுரிமை" என்று மட்டுமே கேட்டிருக்கிறார்கள், அதனால் பழைய அனுபவம் என்று சொல்வதில் இழப்பு எதுவும் இல்லை.

காலைப்பனி

கேட்டுவிட்டேன். ரீச் டிரக்தானாம், ஆறு மீட்டர் வரை. 2021-க்குப் பிறகு ஓட்டவில்லை. இப்போது இருக்கும் இடத்தில் கையால் தள்ளும் பேலட் டிரக்கும் மின்சார பேலட் டிரக்கும் மட்டும்தான். நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் போட்டுவிட்டேன்.

ஷிப்ட் பற்றியும் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் பார்த்தவன் என்றால் அதிகாலை ஷிப்டுக்கும் பொருந்துவான்தானே?

இரவுவிளக்கு

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நைட் ஷிப்டும் 4 மணி ஷிப்டும் ஒன்றே இல்லை. நிலையான நைட்டில் பகலில் தூங்கி உடம்பைப் பழக்கிவிடலாம். 4 மணிக்கு வேலை என்றால் இரண்டரைக்கு எழ வேண்டும், முந்தின நாள் ஏழரைக்கே படுக்க வேண்டும், வீட்டில் அந்த நேரத்தில் யார் தூங்க விடுவார்கள்? அதில் சுழற்சியும் சேர்ந்தால் இந்த வாரம் ஒரு தூக்கம், அடுத்த வாரம் ஒரு தூக்கம். நான் நைட்டில் பல வருடம் தாக்குப்பிடித்தேன், அதிகாலைச் சுழற்சியில் முடியவில்லை. கிடங்கில் கண் அசந்தால் பெட்டி விழும். ஸ்டியரிங் பிடித்தபடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை கிடைப்பதற்கு முன்னால் உங்கள் தம்பி இதை யோசிக்கட்டும்.

டிப்போமேசை

இரவுவிளக்கு சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஷிப்ட் வரலாற்றில் நான் தேடுவது "நைட் பார்த்திருக்கிறார்" என்ற வார்த்தையை அல்ல. எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, நிலையானதா சுழற்சியா, வார இறுதி வந்ததா, அந்தக் காலத்தில் தாமதமும் விடுப்பும் எப்படி இருந்தன, இவைதான். தம்பியின் மூன்று வேலைகளுக்கும் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். சம்பளச் சீட்டில் இரவுப்படி தனியாக வந்திருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை, ரோஸ்டர் படத்தைக் கூட யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, இப்போதைய வேலையின் கடைசி ஷிப்டுக்கும் புதிய வேலையின் முதல் ஷிப்டுக்கும் நடுவில் ஓய்வு வேண்டும். அமெரிக்காவில் பெரிய வணிக வண்டிகளுக்கு, புதிதாகச் சேரும் ஓட்டுநர் முந்தைய 7 நாளில் எத்தனை மணி நேரம் பணியில் இருந்தார், கடைசியாக எப்போது விடுபட்டார் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்றே விதி இருக்கிறது. ஐரோப்பாவில் கனரக வண்டிக்கு நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், நாளுக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம். சிறிய வண்டிக்கு அந்த விதி இல்லாவிட்டாலும் நல்ல டிப்போ இதைக் கேட்கும். ஞாயிறு இரவு வரை கிடங்கில் நின்றுவிட்டுத் திங்கள் 4 மணிக்கு வண்டி எடுப்பதாக யாராவது சொன்னால், அந்த உற்சாகத்தைப் பார்த்து எனக்குக் கவலைதான் வரும்.

அந்த ஐந்து மாத இடைவெளியை "குடும்பப் பொறுப்பு, 2021 செப்டம்பர் – 2022 ஜனவரி" என்று ஒரே வரியில் போட்டால் போதும். அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

நெடுஞ்சாலை72

அப்போ அந்த ரிவர்ஸ் உரசல்? செப்டம்பர் 12-ல் மூன்று வருடம் முடிகிறது. கடைசி நாள் செப்டம்பர் 20. இரண்டு வாரம் பொறுத்து 13-ஆம் தேதி விண்ணப்பித்தால் "கடந்த 3 ஆண்டுகளில் இல்லை" என்று உண்மையாகவே சொல்லலாமே.

ஒன்பதாம்கியர்

நான் இன்னும் சொல்கிறேன், எழுதவே தேவையில்லை. பதிவே இல்லாத ஒன்று.

டிப்போமேசை

பதிவு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அரசின் உரிமப் பதிவில்தான் இல்லை. தனியார் இடத்தில் நடந்த உரசல் அங்கே வரவே வராது. ஆனால் வாடிக்கையாளரின் கதவுக்கு யார் பணம் கொடுத்தது? காப்பீட்டில் கோரியிருந்தால் அங்கே ஒரு பதிவு. பழைய நிறுவனத்தின் சம்பவப் பதிவேட்டில் ஒன்று, அநேகமாகத் தம்பியின் கையெழுத்தோடு. ஓட்டுநருக்கு எப்போதும் இரண்டு வரலாறு உண்டு, அரசு வைத்திருப்பது ஒன்று, முதலாளி வைத்திருப்பது ஒன்று. வேலைக்கு எடுப்பவர் இரண்டாவதைத்தான் தொலைபேசியில் கேட்கிறார். அமெரிக்காவில் பெரிய வண்டி ஓட்டுநர் என்றால், கடந்த 3 ஆண்டு முதலாளிகளிடம் பாதுகாப்பு வரலாற்றைக் கேட்பது நிறுவனத்தின் கடமை. வந்த தகவலைப் பார்க்கவும், தவறு இருந்தால் மறுக்கவும் ஓட்டுநருக்கு உரிமை உண்டு. மற்ற இடங்களில் கடமையாக இல்லாவிட்டாலும் கேட்கத்தான் செய்கிறார்கள்.

அதனால் கேள்வியின் சொற்களைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். "போக்குவரத்துத் தண்டனை உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பது முழு உண்மை. "விபத்து" என்றால் தன் தவறா, பிறர் தவறா, எத்தனை ஆண்டுக்குள் என்று பார்க்க வேண்டும். "எந்தச் சம்பவமும்" என்று கேட்டால் உரசலும் அதில் அடக்கம்.

நெடுஞ்சாலை சொன்ன 13-ஆம் தேதி யோசனையில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லையை வைத்தது அவர்கள், அது கடந்துவிட்டது. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மூன்று ஆண்டு என்பதைச் சம்பவ நாளிலிருந்து எண்ணுகிறார்களா, காப்பீட்டுக் கோரிக்கை முடிந்த நாளிலிருந்தா என்று பாருங்கள். கோரிக்கை 2022 டிசம்பரில் முடிந்திருந்தால் சிலர் அதை எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது, அறிவிப்பில் 3 ஆண்டு இருந்தாலும் படிவத்தின் உள்ளே 5 ஆண்டு இருக்கலாம். படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்துவிட்டுத்தான் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

காலைப்பனி

அண்ணா, நீங்கள் சொன்னபடி கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தேன். அங்கே இப்படி இருக்கிறது: "கடந்த 5 ஆண்டுகளில் நீங்கள் ஓட்டிய வண்டிக்கோ மற்றவர் சொத்துக்கோ சேதம் ஏற்பட்ட சம்பவங்களை, யார் தவறு என்பதைப் பொருட்படுத்தாமல் குறிப்பிடவும்."

அப்படியென்றால் இந்த ஜனவரியில் நடந்ததும் வருமா? நிறுத்தி வைத்திருந்த வேனின் கண்ணாடியை ஒரு கார் இடித்துவிட்டுப் போனது. தம்பி உள்ளே பெட்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

டிப்போமேசை

இரண்டும் வரும். இரண்டையும் ஒரே அமைப்பில் எழுதுங்கள்: தேதி, இடத்தின் வகை, வண்டி என்ன செய்துகொண்டிருந்தது, என்ன சேதம், யார் தவறு என்று யார் முடிவு செய்தது, அதன்பின் என்ன நடந்தது. மாதிரிக்கு:

"12.09.2022. வாடிக்கையாளரின் சரக்கு மேடை, ரிவர்ஸ், நடக்கும் வேகம். வழிகாட்ட ஆள் இல்லை. மேடையின் பின்கதவில் கீறல், யாருக்கும் காயம் இல்லை. என் தவறு. அன்றே மேற்பார்வையாளருக்குத் தெரிவித்தேன். அதன்பின் ரிவர்ஸ் எடுக்கும் சம்பவம் எதுவும் இல்லை."

"வழிகாட்ட ஆள் இல்லை" என்பதைக் காரணமாக நீட்ட வேண்டாம், தகவலாக வைத்தால் போதும். அதன்பின் பயிற்சி எதுவும் எடுத்திருந்தால் சேருங்கள், எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணாடி விஷயத்தில் "வண்டி நிறுத்தப்பட்டிருந்தது, ஓட்டுநர் உள்ளே இல்லை" என்ற வரிதான் முக்கியம். நிறுவனத்தின் அறிக்கை எண் இருந்தால் அதையும் போடுங்கள்.

இனி 13-ஆம் தேதி வரை பொறுப்பதா? ஐந்து ஆண்டுக் கேள்விக்கு எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள். ஆனால் வாசலில் இருப்பது அந்த 3 ஆண்டு நிபந்தனை. இன்று அனுப்பினால் அதில் நீங்களே "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். 13-க்குப் பிறகு அனுப்பினால் வாசலைத் தாண்டி, உரசலைப் பற்றி ஆளோடு ஆளாகப் பேச வாய்ப்புக் கிடைக்கும். நானாக இருந்தால் பொறுப்பேன்.

சரக்குச்சீட்டு

பொறுத்தால் இடம் நிரம்பிவிடலாம். எங்களில் பலர் கடைசி நாள் வரை காத்திருப்பதே இல்லை, வர வர நேர்காணல் வைத்துவிடுவோம். அதையும் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

இரவுவிளக்கு

கிடங்குப் பக்கத்துப் பாதுகாப்புப் பதிவையும் சேர்க்கலாமா? எங்கள் இடத்தில், நூலிழையில் தப்பிய சம்பவங்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போடுவோம். உங்கள் தம்பி அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அது அவருக்கு நல்ல பெயர்தானே?

பேலட்ராஜா

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எங்கள் இடத்தில் அதிகம் எழுதிக் கொடுத்தவனைத்தான் "இவன் பக்கத்தில் எப்போதும் ஏதாவது நடக்கிறது" என்று பார்த்தார்கள். நான் எழுதுவதையே நிறுத்திவிட்டேன்.

டிப்போமேசை

பேலட்ராஜா, அப்படி நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மேசையில், அடுக்கின் கால் வளைந்திருப்பதைப் பார்த்து எழுதிக் கொடுத்தவரைத்தான் முதலில் கூப்பிடுவேன், ஏனென்றால் ரவுண்டில் ஒரு டயர் தேய்ந்திருந்தாலும் அவர் சொல்லுவார். எழுத்தில் போடுவதை விட நேர்காணலில் "ஆபத்தான ஒன்றைக் கவனித்தீர்களா?" என்று கேட்கும்போது சொல்ல வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யார் எப்படி எடுத்துக்கொள்வார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

காலைப்பனி

நிறுவனத்திலிருந்து பதில் வந்துவிட்டது: மொத்த எடை 3,500 கிலோ, எல்லா வண்டியும் மேனுவல் கியர். தம்பியின் உரிமத்தில் கியர் கட்டுப்பாடு எதுவும் இல்லை, பின்பக்கமும் பார்த்துவிட்டேன். மாற்று ஓட்டுநர் நாட்களைக் கணக்கில் எடுப்பார்களா என்றும் கேட்டிருந்தேன். "விண்ணப்பத்தில் குறிப்பிடவும், பரிசீலிப்போம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

டிரிப் ஷீட்டை எண்ணினோம். 131 நாள் வருகிறது. ஷிப்ட் நேரங்களை எழுதும்போது தம்பியே ஒன்று சொன்னான்: டெலிவரி வேலையில் கடைசி ஏழு மாதம் 5 மணிக்குத் தொடங்கியதாம், அதுவரை எனக்குச் சொல்லவே இல்லை. பழைய நிறுவனத்தில் காப்பீட்டுக் கோரிக்கை போட்டார்களா, எப்போது முடிந்தது என்று நாளைக்குக் கேட்கிறான். அது தெரிந்த பிறகுதான் உடனே அனுப்புவதா, 13-ஆம் தேதி அனுப்புவதா என்று முடிவு.

ஒன்பதாம்கியர்

அக்கா, அந்த நிறுவனத்தில் கேட்டால் அவர்களே மறந்துபோன விஷயத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஆகாதா?

டிப்போமேசை

பதிவேட்டுக்கு மறதி கிடையாது. வெளியிலிருந்து ஒருவர் கேட்பதற்கு முன்னால் தம்பி கேட்டால், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். படிவத்தில் அவன் எழுதும் தேதியும் அவர்கள் சொல்லும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்கும்போது அந்தச் சம்பவ அறிக்கையின் நகல் ஒன்றையும் வாங்கி வரச் சொல்லுங்கள். தர மறுத்தால், கேட்ட நாளையும் யாரிடம் கேட்டான் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.